செலவான மணி, மிச்ச வேலை: ஒரு ஃபிக்ஸட் பிரைஸ் புராஜெக்ட்டின் கணக்கு

ஃபிக்ஸட் பிரைஸ் புராஜெக்ட்டில் வாடிக்கையாளர் தரப்போகும் தொகை கையெழுத்துப் போட்ட அன்றே முடிவாகிவிடும். அதற்குப் பிறகு ஏறி இறங்குவது நம் ஆட்கள் போடும் மணிநேரம்தான். அதனால் எங்களைப் போன்ற சிறிய கம்பெனிகளில் வாரக் கூட்டத்தில் இரண்டு கேள்விகள் தவறாமல் வரும்: பட்ஜெட்டில் எவ்வளவு தீர்ந்தது, எத்தனை டாஸ்க் முடிந்தது? இந்த இரண்டுக்கும் நல்ல பதில் இருந்தும் புராஜெக்ட் நஷ்டத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கலாம். நான் லீடாக இருந்த ஒரு புராஜெக்ட்டின் எண்களை வைத்தே அதைச் சொல்கிறேன்.

திருப்பூரில் பின்னலாடை மொத்த வியாபாரம் செய்யும் ஒருவருக்கு ஆர்டர், ஸ்டாக், பில் மூன்றையும் கவனிக்கும் மென்பொருள். விலை 9 லட்சம், ஜிஎஸ்டி தனி. எங்கள் பக்கம் இரண்டு டெவலப்பர்கள் முழு நேரம், ஒரு டெஸ்டர் பாதி நேரம், நான் வாரத்துக்குப் பத்து மணி நேரம். ஆக வாரத்துக்கு 110 மணி நேரம் எரியும். ஒரு மணி நேரத்துக்கு எங்களுக்கு ஆகும் செலவை 600 ரூபாய் என்று வைத்திருந்தோம். சம்பளம், பிஎஃப், வாடகை, கரண்ட், லேப்டாப் எல்லாம் சேர்த்து வகுத்த தொகை அது. எஸ்டிமேட் 1,200 மணி நேரம். அதாவது 7.2 லட்சம் செலவு, 1.8 லட்சம் லாபம். இதில் எதிர்பாராத செலவுக்கென்று தனியாக ஒதுக்கிய பணம் எதுவும் கிடையாது. ஏதாவது தவறினால் அந்த 1.8 லட்சத்திலிருந்துதான் போகும்.

ஐந்தாவது வாரக் கடைசியில் செலவாகியிருந்தது 540 மணி நேரம், பட்ஜெட்டில் 45 சதவீதம். பட்டியலில் இருந்த 60 டாஸ்க்கில் 31 முடிந்திருந்தது, அதாவது 52 சதவீதம். பாதிக்கும் குறைவான பணத்தில் பாதிக்கும் மேல் வேலை முடிந்துவிட்டது என்று எங்கள் பாஸுக்கு ரொம்பத் திருப்தி.

இந்தக் கணக்கில் ஒரு டாஸ்க் என்றால் ஒரு டாஸ்க், அவ்வளவுதான். லாகின் பக்கமும் ஒன்று, ஸ்டாக் கணக்கு முழுவதும் ஒன்று. எந்த டீமும் முதலில் எடுப்பது சின்னதும் தெளிவானதுமான வேலைகளைத்தான். அதில் தப்பும் இல்லை, அடிப்படை இல்லாமல் மற்றதைக் கட்ட முடியாது. ஆனால் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் கஷ்டமான வேலைகள் எல்லாம் வால்பக்கம் குவிந்திருப்பது தெரியாது. முடிந்த 31 டாஸ்க்குக்கு முதலில் போட்டிருந்த மதிப்பீட்டைக் கூட்டினேன்: 290 மணி நேரம். மிச்சமுள்ள 29 டாஸ்க்குக்கு 430. டெவலப்மென்ட்டுக்கு ஒதுக்கிய 720-இல் முடிந்தது 40 சதவீதம்தான். 52 சதவீதம் என்று சொல்லிக்கொண்டிருந்தது இங்கேயே 12 புள்ளி இறங்கிவிட்டது.

இதுவும் பழைய மதிப்பீட்டை நம்பிப் போட்ட கணக்கு. மிச்ச வேலைக்கு இனிமேல் உண்மையில் எவ்வளவு ஆகும் என்பதை அந்த வேலையைச் செய்பவரிடம்தான் கேட்க வேண்டும். எப்படிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பதில் வரும். நான் பழைய எண்ணைக் காட்டாமல், டாஸ்க்கின் பெயரை மட்டும் படித்து, "இப்போதைய நிலையிலிருந்து டெஸ்டர் ஓகே சொல்கிற வரைக்கும் இன்னும் எத்தனை மணி நேரம்?" என்று கேட்டேன். பழைய எண்ணைக் காட்டினால், அதில் செலவானதைக் கழித்துவிட்டு மிச்சத்தைச் சொல்வார்கள். 16 மணி நேர வேலையில் 15 போயிருந்தால் "இன்னும் ஒரு மணி நேரம்" என்று வரும். கழித்தல் கணக்கு எனக்கே தெரியும், அதற்கு அவர் எதற்கு?

கிடங்குக்குக் கிடங்கு ஸ்டாக் மாற்றும் திரை ஒன்று அப்படித்தான் நின்றிருந்தது. மதிப்பீடு 16, செலவானது 15.

"தொண்ணூறு பர்சன்ட் முடிஞ்சுதுங்க அண்ணா" என்றான் செய்துகொண்டிருந்த தம்பி.

"சரி, மிச்ச பத்து பர்சன்ட்ல என்னென்ன இருக்கு, ஒவ்வொண்ணா சொல்லு."

ஒரே பார்கோடை இரண்டு தடவை ஸ்கேன் செய்தால் தடுக்க வேண்டும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே சரக்கை மாற்றினால் என்ன ஆகும் என்று இன்னும் பார்க்கவில்லை. டெலிவரி சலான் பிரின்ட் வரவில்லை. பாதி அனுப்பிய சரக்கை ரத்து செய்வது எழுதவே இல்லை. பட்டியல் போட்டபோது அவனே 14 மணி நேரம் என்றான். அவன் பொய் சொல்லவில்லை. திரையைப் பார்த்தால் தொண்ணூறு சதவீதம் முடிந்த மாதிரிதான் இருந்தது. அன்றிலிருந்து நான் சதவீதம் கேட்பதில்லை, மிச்ச மணிநேரம் மட்டும்தான் கேட்கிறேன். முடிந்ததா இல்லையா என்பதற்கு மட்டும் ஆமாம் அல்லது இல்லை, நடுவில் எதுவும் இல்லை.

29 டாஸ்க்கையும் இப்படிக் கேட்டு முடித்தபோது வந்த கூட்டல் 500 மணி நேரம். டெவலப்மென்ட்டோடு கதை முடியாதே. மீட்டிங், டெஸ்டிங், பழைய எக்செல் தரவை ஏற்றுவது, பயிற்சி கொடுப்பது எல்லாமே அதே 1,200-க்குள் வருபவை. தலைப்பு வாரியாகப் போட்டதும் இப்படி வந்தது:

| தலைப்பு | முதல் மதிப்பீடு | செலவானது | இனி தேவை |
|---|---|---|---|
| டெவலப்மென்ட் | 720 | 400 | 500 |
| டெஸ்டிங், பிழை திருத்தம் | 200 | 75 | 130 |
| மீட்டிங், மேற்பார்வை | 120 | 65 | 110 |
| பழைய தரவு, சர்வர் | 80 | 0 | 110 |
| வாடிக்கையாளர் சோதனை, பயிற்சி | 80 | 0 | 80 |
| மொத்தம் | 1,200 | 540 | 930 |

மீட்டிங் வரியைக் கொஞ்சம் கவனியுங்கள். அது வேலையின் அளவைப் பொறுத்தது இல்லை, நாள்களைப் பொறுத்தது. வாரத்துக்கு 13 மணி நேரம் மீட்டிங்கிலேயே போய்க்கொண்டிருந்தது. மற்ற வேலைகள் 820 மணி நேரம், வாரத்துக்கு 97 மணி நேரம் கிடைக்கிறது என்றால் இன்னும் எட்டரை வாரம் ஓடும். அத்தனை வாரத்துக்கும் 13 வீதம் 110. புராஜெக்ட் நீண்டால் இந்த வரி தானாக வீங்கும். எஸ்டிமேட்டில் ஒரு தடவை எழுதிவிட்டு யாரும் திரும்பிப் பார்க்காத வரியும் இதுதான்.

செலவானது 540, இனி தேவை 930, கூட்டினால் 1,470. பட்ஜெட்டைவிட 270 மணி நேரம் அதிகம், 600 ரூபாய் வீதம் 1.62 லட்சம். 1.8 லட்சம் லாபத்தில் மிஞ்சுவது 18 ஆயிரம்.

இந்த எண்ணைக் கொண்டுபோய்க் காட்டினால் யாரும் உடனே நம்ப மாட்டார்கள். டெவலப்பர்கள் பயந்துபோய்க் கூட்டிச் சொல்லியிருக்கலாமே என்பார்கள். அதனால் வேறொரு வழியில் சரிபார்த்தேன். முடிந்த 31 டாஸ்க்கின் மதிப்பீடு 290, உண்மையில் ஆனது 360. அதாவது 1.24 மடங்கு. அதே போக்கில் போனால் மிச்ச 430 மணி நேர வேலை 533 ஆகும். அதில் அரைகுறையாக நிற்கும் டாஸ்க்குகளில் ஏற்கெனவே 40 மணி நேரம் போய்விட்டதால் இனி தேவை 493. டெவலப்பர்கள் சொன்னது 500. கடந்த காலத்தை வைத்துப் போட்டதும் வேலை செய்பவர் வாயிலிருந்து வந்ததும் இவ்வளவு கிட்டத்தில் இருந்தால் அந்த எண்ணை நம்பலாம். இரண்டும் எட்ட எட்ட நின்றால், முக்கால்வாசி நேரம் மிச்ச வேலையின் தன்மை முடிந்த வேலையிலிருந்து மாறியிருக்கும். அப்போது மடங்குக் கணக்கை விட்டுவிட்டு ஆளைத்தான் நம்ப வேண்டும். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1967-இல் தன் ஒப்பந்தக்காரர்களுக்கு விதியாக்கிய 'ஏர்ன்ட் வேல்யூ' முறையின் கருவும், முடிந்த வேலையின் மதிப்பீட்டையும் அதற்கு உண்மையில் ஆனதையும் ஒப்பிடுவதுதான். நாலு பேர் கொண்ட டீமுக்கு அதன் முழு சட்டதிட்டமும் தேவைப்படாது.

அடுத்து, அந்த 1.24 எங்கிருந்து வந்தது என்று பார்த்தேன். எல்லா டாஸ்க்கும் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டிருந்தால் மதிப்பீடே தளர்வு என்று அர்த்தம், பெரிதாகச் செய்வதற்கு ஒன்றுமில்லை. எங்களுக்கு அப்படி இல்லை. கூடுதலாகப் போன 70 மணி நேரத்தில் 45 மணி நேரம் நாலே டாஸ்க்கில் இருந்தது. நாலும் தள்ளுபடி, விலைப்பட்டியல் சம்பந்தப்பட்டவை. ஒப்பந்த இணைப்பில் எழுதியிருந்தது 'வாடிக்கையாளர் வாரியாக ஒரு தள்ளுபடி சதவீதம்' என்று ஒரே வரி. பிறகு போனிலும் வாட்ஸாப்பிலும் ஒவ்வொன்றாக வந்து ஒட்டியது: சைஸுக்கு ஒரு விலை, அடர் நிறத்துக்கு ஒரு விலை, முப்பது நாளில் பணம் கட்டினால் ஒரு விலை. ஒவ்வொன்றும் கேட்கும்போது சின்னதாகத்தான் இருந்தது. தேதிவாரியாக மெசேஜ்களை எடுத்து டைம்ஷீட்டோடு ஒட்டிப் பார்த்ததில், இவற்றுக்கு மட்டும் 30 மணி நேரம் போயிருந்தது. மிச்ச வேலையிலும் இன்னொரு 30 இதனால் ஏறியிருந்தது.

அந்த 60 மணி நேரத்தைத் திருப்பூர் முதலாளியிடம் கொண்டுபோனோம். கேட்டது 54 ஆயிரம். அவருக்குக் கோபம்.

"தம்பி, இதையெல்லாம் அப்பவே சொல்லியிருந்தா நான் யோசிச்சிருப்பேனுங்க. செஞ்சு முடிச்சிட்டு வந்து காசு கேட்டா எப்படி?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனாலும் ஒப்பந்த வரியும் மெசேஜ் தேதியும் எதிரெதிரே இருந்ததால் பேச்சு நகர்ந்தது. 36 ஆயிரத்தில் முடிந்தது. 600 ரூபாய் வீதம் அது சரியாக 60 மணி நேரத்தின் அடக்கவிலை. லாபம் இல்லை, நஷ்டமும் இல்லை. பட்ஜெட் 1,260 ஆனது. இதே பேச்சைப் பன்னிரண்டாவது வாரத்தில் ஆரம்பித்திருந்தால் ஒரு ரூபாய்கூட வந்திருக்காது என்பது என் அபிப்பிராயம். மென்பொருள் இன்னும் கைக்கு வராத கட்டத்தில்தான் இரண்டு பக்கமும் விட்டுக்கொடுக்கும்.

அதே சந்திப்பில் அறிக்கைகளைப் பற்றியும் பேசினோம். பட்டியலில் ஒன்பது அறிக்கைகள். தினமும் எதைப் பார்ப்பீர்கள் என்று கேட்டால் மூன்றைத்தான் சொன்னார். மற்ற ஆறுக்குப் பதிலாக எல்லாத் தரவையும் எக்செல்லாக எடுக்கும் ஒரு பட்டன் போதும் என்று ஒத்துக்கொண்டார், அவருடைய கணக்குப்பிள்ளைக்கும் அதுதான் வசதி. 45 மணி நேரம் மிச்சம். பழைய எக்செல்லில் ஒரே பார்ட்டி மூன்று விதமான எழுத்தில் இருந்ததைத் திருத்தும் வேலையை அவர்கள் ஆட்களே செய்துதர, 110 மணி நேரம் 60 ஆனது. தினசரி மீட்டிங் வாரத்துக்கு இரண்டு என்று குறைந்ததில் மீட்டிங் வரி வாரம் 13-லிருந்து 9-க்கு வந்தது. திரும்பக் கூட்டினால் இனி தேவை 790, மொத்தம் 1,330. இன்னும் 70 மணி நேரம் அதிகம்தான். ஆனால் லாபம் 18 ஆயிரத்திலிருந்து 1.38 லட்சத்துக்கு ஏறியது.

இதன் பிறகு வாராவாரம் பார்க்க ஒரு ஷீட் போதுமாக இருந்தது. ஒரு டாஸ்க்குக்கு ஒரு வரி. C நெடுவரிசையில் முதல் மதிப்பீடு, அதை யாரும் தொடக் கூடாது. D-யில் செலவானது, E-யில் இனி தேவை. மீட்டிங்குக்கும் பயிற்சிக்கும்கூடத் தனித்தனி வரி உண்டு. மொத்தக் கணிப்புக்கு ஒரே ஃபார்முலா:

```
=SUM(Tasks!D:D)+SUM(Tasks!E:E)
```

இந்த எண்ணை வெள்ளிக்கிழமை தோறும் வேறொரு தாளில் தேதியோடு எழுதி வைக்க வேண்டும். அந்த வாரத்து எண்ணைவிட அது நகரும் விதம்தான் முக்கியம். இந்த வாரம் 110 மணி நேரம் செலவழித்தால் இனி தேவையும் 110 குறைந்திருக்க வேண்டும், அப்போதுதான் மொத்தம் அசையாமல் நிற்கும். அடுத்த வாரமே எங்களுக்கு 110 செலவாகி 80தான் குறைந்தது, 790 என்பது 710 ஆனது. 30 மணி நேரம் எங்கே போனது என்று தேடினால், பெரும்பகுதி பட்டியலிலேயே இல்லாத வேலை. ஆர்டர் உறுதியானதும் எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும் என்பதற்குப் புரோகிராம் எழுதும் நேரத்தை மட்டும் போட்டிருந்தார்கள். இந்தியாவில் வணிக எஸ்எம்எஸ் அனுப்ப, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் நிறுவனத்தையும் அனுப்புநர் பெயரையும் ஒவ்வொரு செய்தி வார்ப்புருவையும் பதிவு செய்ய வேண்டும். வார்ப்புரு நிராகரிக்கப்பட்டால் திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும். முதலாளியிடம் ஆவணம் வாங்குவதும் தளத்தில் பதிவதும் யாரோ ஒருவருடைய மணிநேரம்தானே. இப்படி ஒரு வேலை தட்டுப்பட்டால் அதை ஏதாவது பழைய டாஸ்க்குக்குள் திணிக்காமல் புது வரியாகச் சேர்க்கச் சொல்வேன். C-யில் பூஜ்யம், E-யில் மணிநேரம். கடைசியில் C பூஜ்யமாக உள்ள வரிகளை மட்டும் எடுத்துப் பார்த்தால் அடுத்த எஸ்டிமேட்டில் எதைச் சேர்க்க வேண்டும் என்பது அங்கேயே இருக்கும்.

டாஸ்க்குகளைக் கண்காணிக்கும் ஜிரா மென்பொருளில் இதையே செய்பவர்கள் ஒரு விஷயத்தில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அதில் Original estimate, Time spent, Remaining estimate மூன்றும் உண்டு. ஆனால் நேரத்தைப் பதிவு செய்யும்போது நாம் மாற்றாவிட்டால், பதிந்த நேரத்தை Remaining-லிருந்து அதுவே கழித்துக்கொள்ளும். பூஜ்யத்துக்கு வந்ததும் அங்கேயே நிற்கும். அதனால் டாஸ்க் முடியாமலே மிச்சம் 0 என்று காட்டும், மொத்தக் கணிப்பும் பட்ஜெட்டும் மதிப்பீடு தாண்டும் வரைக்கும் ஒன்றாகவே இருக்கும். Remaining 0 ஆகியும் Done ஆகாத டாஸ்க்குகளை வாரம் ஒரு தடவை வடிகட்டிப் பாருங்கள். எங்கள் பட்டியலில் ஒளிந்திருந்த மணிநேரம் எல்லாம் அங்கேதான் கிடந்தது.

டைம்ஷீட்டே பொய்யாக இருந்தால் இதில் எதுவும் வேலை செய்யாது. திங்கள் முதல் வெள்ளி வரை 8, 8, 8, 8, 8 என்று ஒரே டாஸ்க்கில் வந்தால் வெள்ளி மாலை ஞாபகத்தில் எழுதியது என்று தெரிந்துவிடும். இன்னொரு விதமும் உண்டு: மதிப்பீடு தாண்டியதும் மிச்ச நேரத்தை மீட்டிங் வரியில் தள்ளிவிடுவது. அந்த வரி திடீரென்று வீங்கினால் இதுதான் காரணமாக இருக்கும். மதிப்பீட்டைத் தாண்டியவரை எல்லார் முன்னாலும் ஒரு தடவை கேள்வி கேட்டுவிட்டால் போதும், அடுத்த வாரத்திலிருந்து எல்லா டாஸ்க்கும் அச்சு அசலாக மதிப்பீட்டிலேயே முடியும். அப்ரைசலுக்கு இந்த ஷீட்டை எடுக்கக் கூடாது என்று பாஸிடம் வாய்விட்டே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

முதல் இரண்டு வாரத்தில் இந்தக் கணிப்புக்கு அவ்வளவு மதிப்பு இல்லை, நாலைந்து டாஸ்க்கை வைத்து மடங்கு போட்டால் எண் தாறுமாறாக ஆடும். வாடிக்கையாளர் சோதனை ஆரம்பித்த பிறகும் அதே நிலைதான். டாஸ்க் பட்டியல் தீர்ந்து பிழைப் பட்டியல் வந்துவிடும். அந்தக் கட்டத்தில் ஒவ்வொரு பிழைக்கும் மணிநேரம் கேட்பது வீண். வாரத்துக்கு எத்தனை பிழை புதிதாக வருகிறது, எத்தனை மூடுகிறது, ஒன்றை மூட சராசரியாக எவ்வளவு ஆகிறது என்று பார்ப்பேன். புதிதாக வருவது மூடுவதைவிடக் குறையாத வரைக்கும் முடிவுத் தேதி சொல்வதில்லை.

எங்கள் புராஜெக்ட் கடைசியில் 1,370 மணி நேரத்தில் முடிந்தது. 9.36 லட்சத்தில் 8.22 லட்சம் செலவு போக 1.14 லட்சம் நின்றது. ஆனால் ஒப்பந்தத்தில் மூன்று மாத இலவசப் பிழை திருத்தம் இருந்தது. ஒப்படைத்த அன்றே ஷீட்டை மூடிவிடச் சொன்னார்கள், நான் அந்த மூன்று மாதமும் திறந்தே வைத்திருந்தேன். அதில் இன்னொரு 40 மணி நேரம் போனது, 24 ஆயிரம் ரூபாய். ஆக உண்மையான லாபம் 90 ஆயிரம். இப்போது நாங்கள் போடும் எஸ்டிமேட்டில் ஒப்படைத்த பிறகான வேலைக்கும் ஒரு வரி இருக்கிறது. பேரம் பேசும்போது முதலில் வெட்டச் சொல்வதும் அதைத்தான்.